கூரையருகே ஒரு வாசல்: கன்னக் காற்றறையும் சளி வெளியேறும் வழியும்

சளி பிடித்து மூக்கடைத்திருக்கும் ஒருவர் ‘அம்மா’ என்று சொல்ல முயன்றால், அது ‘அப்பா’ என்பதற்கு நெருங்கிய ஓர் ஒலியாக வெளிப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். மெல்லின ஒலிகள் பிறக்க மூக்கின் வழியாகச் செல்லும் காற்று வேண்டும் என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் குறித்துள்ளார். அவ்வழி அடைபடும்போது மகரம் பகரத்தை நோக்கிச் சாய்கிறது. ஒலியியல் வகுப்பில் அவ்வழியை ஒரு நேரான குழாயாகக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது வழக்கம். உண்மையில் அது, பக்கச் சுவர்களில் பல சிறு வாசல்கள் திறந்திருக்கும் ஒரு கூடம். அவ்வாசல்களுள் ஒன்றை மட்டும் இவ்வுரையில் விரிவாகக் காண்போம்.

மூக்கின் உட்குழியை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர் பெரும்பாலும் வழவழப்பானது. பக்கச் சுவரோ அவ்வாறன்று. அதிலிருந்து மேல், நடு, கீழ் என மூன்று சுருள் எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, தாழ்வாரக் கூரைகள் போல உள்நோக்கிச் சரிந்து நிற்கின்றன. ஒவ்வொரு சுருளின் அடியிலும் ஓர் ஒடுங்கிய இடைவழி உண்டு. கீழ் இடைவழியில் கண்ணீர்க் குழாய் வந்து திறக்கிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். நடு இடைவழியில் நெற்றிக் காற்றறை, கன்னக் காற்றறை, கண்களுக்கு இடையேயுள்ள சல்லடை எலும்பின் முன்னறைகள் ஆகிய மூன்றும் திறக்கின்றன. சல்லடை எலும்பின் பின்னறைகள் மேல் இடைவழியிலும், ஆப்பு எலும்பின் காற்றறை அதற்கும் பின்னேயும் திறக்கின்றன. பேச்சு வழக்கில் ‘சைனஸ்’ என்று நாம் சொல்வது இக்காற்றறைகளையே.

இவற்றுள் பெரியது மேல்தாடை எலும்பினுள் அமைந்த கன்னக் காற்றறை. வளர்ந்தவர்களிடம் இது ஏறத்தாழ 15 மில்லிலிட்டர், அதாவது மூன்று தேக்கரண்டி நீர் கொள்ளும் அளவினது. இதன் தரை மேற்கடைவாய்ப் பற்களின் வேர்களைத் தொட்டபடி மூக்கின் தரையினும் தாழ்ந்து கிடக்கிறது. ஆனால் இதன் வாசல் தரையில் இல்லை. மூக்கை நோக்கிய உட்சுவரில், கூரைக்கு அருகே, சில மில்லிமீட்டர் அகலமே கொண்ட துளையாக அது அமைந்துள்ளது. நெற்றிக் காற்றறையின் வாசல் அதன் அடியிலேயே இருப்பதால், நிமிர்ந்து நிற்கும்போது அங்குள்ள நீர் தானே இறங்கும். கன்னக் காற்றறையிலோ, ஒரு தொட்டியின் வடிகாலை விளிம்பருகே வைத்தது போன்ற நிலை.

அவ்வாறாயின் நலமுள்ள மனிதரிடம் அத்தொட்டி நிரம்பாதிருப்பது எவ்வாறு? காற்றறையின் உட்சுவரெங்கும் ஈரமான மென்படலம் பரவியுள்ளது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள் அடர்ந்து நின்று, நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே திசையில் அசைகின்றன. அவற்றின்மேல் மெல்லிய சளிப்படலம், தூசியையும் கிருமியையும் ஒட்டவைத்துக்கொண்டு, நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது. தரையில் தொடங்கிச் சுவர்களின்மீது ஏறி வாசலில் சென்று கூடுவதே அதன் பாதை. ஆகவே கன்னக் காற்றறையிலிருந்து சளி வழிவதில்லை. அது சுமந்து செல்லப்படுகிறது.

இவ்வேறுபாட்டை அறுவை மருத்துவம் நெடுங்காலம் கருத்திற்கொள்ளவில்லை. 1893-இல் நியூயார்க்கின் கால்டுவெல், 1897-இல் பாரிசின் லுக் ஆகியோர் தனித்தனியே விளக்கிய அறுவை முறையில், நீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்ற எண்ணத்தோடு, கீழ் இடைவழியில் புதிய துளை இடப்பட்டது. பின்னர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர மருத்துவர் மெசர்கிளிங்கர், சளியின் ஓட்டத்தை உள்நோக்குக் கருவி கொண்டு நேரில் கண்டு பதிவு செய்தார். கீழே அகன்ற துளை இருந்தாலும் குற்றிழைகள் அதனைப் பொருட்படுத்தாமல் சளியைப் பழைய வாசலுக்கே ஏற்றிச் செல்கின்றன. இன்றைய உள்நோக்கு அறுவை இயற்கை வாசலையே தேடித் திறப்பதன் காரணம் இதுவே.

நோய் உண்டாகும் முறையை வலப்பக்கத்துக் கன்னக் காற்றறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம். முதலில் சாதாரணச் சளித்தொற்று மூக்கின் படலத்தை வீங்கச் செய்கிறது. வாசலே சில மில்லிமீட்டர்தான்; ஆதலால் சிறு வீக்கமே அதனை மூடிவிடும். உள்ளே அடைபட்ட காற்றிலுள்ள ஆக்சிஜனைப் படலம் உறிஞ்சிக்கொள்ள, அழுத்தம் குறைந்து நீர் கசிகிறது, கன்னம் கனக்கிறது. குற்றிழைகள் தளர்கின்றன, சளி கெட்டியாகித் தேங்குகிறது. தேங்கிய சளியில் பாக்டீரியா பெருகினால் சீழ் உண்டாகிறது. மேற்பற்கள் வலிப்பதும் குனியும்போது கன்னத்தில் வலி மிகுவதும் இக்கட்டத்தில்தான்.

குற்றிழைகள் செயலற்ற இந்நிலையில் புவியீர்ப்பே மிஞ்சுகிறது. நோயாளி நிமிர்ந்திருக்கும்வரை வாசல் உயரத்தில் இருப்பதால் சீழ் எளிதில் வெளியேறாது. அவர் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் வலக்கன்னம் மேலே வருகிறது. வாசலுள்ள உட்சுவர் இப்போது அறையின் தரையாகிவிடுகிறது. வாசல் சற்றேனும் திறந்திருந்தால், பகலெல்லாம் தேங்கியது அப்போது மூக்கினுள் இறங்கும். படுத்த சற்று நேரத்தில் தொண்டையில் சளி இறங்கி இருமல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீக்கம் கிருமியால் மட்டும் வருவதன்று. 2013 சூன் 23 அன்று, புகைமூட்டத்தின் காரணமாக நம் ஜொகூரின் மூவார், லேடாங் மாவட்டங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். 300-ஐக் கடந்தாலே அபாயம் எனக் கொள்ளப்படும் காற்று மாசுக் குறியீடு மூவாரில் அன்று 700-ஐத் தாண்டியது. புகையின் துகள்கள் படலத்தை உறுத்தி வீங்கச் செய்வதோடு குற்றிழைகளின் அசைவையும் மந்தமாக்குகின்றன. வாசல் குறுகுவதும் சுமந்து செல்லும் ஆற்றல் குறைவதும் ஒருசேர நிகழும் வேளை அது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவது துகளையும் கெட்டிச் சளியையும் அகற்றி அப்படலத்துக்கு உதவும். அந்நீர் கொதிக்கவைத்து ஆறியதாகவோ காய்ச்சி வடித்ததாகவோ இருத்தல் வேண்டும். குழாய்நீரை நேரே பயன்படுத்தலாகாது.

சீழ் எங்கே தோன்றுகிறது என்பதைக் கொண்டே மருத்துவர் அதன் மூலத்தை ஊகிக்கிறார். நடு இடைவழியில் தெரிந்தால் முன்னறைகள். மேல் இடைவழியில் தெரிந்தால் பின்னறைகள். நெற்றியறையின் சீழ் இறங்கும் வழியிலேயே கன்னத்தின் வாசலும் இருப்பதால், முன்னதன் நோய் பின்னதற்கும் தொற்றலாம். ஒரு பக்கத்தில் மட்டும் துர்நாற்றமுள்ள சீழ் வருமாயின் மேற்பல்லின் வேரையும் சோதிக்க வேண்டும்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருப்பது மட்டும் பாக்டீரியாவுக்குச் சான்றாகாது. பெரும்பாலான தொற்றுகள் வைரசால் வந்து தாமே நீங்குவன. பத்து நாள் கடந்தும் குறையாவிட்டாலும், குறைந்து மீண்டும் கடுமையானாலும் மருத்துவரை நாட வேண்டும். கண்ணைச் சுற்றி வீங்குதல், பார்வை இரட்டித்தல், கடுந்தலைவலியோடு கழுத்து விறைத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சல்லடை எலும்பின் அறைகளையும் கண்ணையும் பிரிப்பது தாள் போன்ற மெல்லிய எலும்பே. வாசல் வழியே வெளியேற இயலாத சீழ் அச்சுவரையும் கடந்துவிடக்கூடும்.