மூலத் தரவுக் கோப்பு இல்லாத நிலையில் வரைபடப் படிமத்தின் அச்சுப் பெயரைத் திருத்துதல்: மேட்டூர் நீர்மட்ட வரைபடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வேடுகளில் இடம்பெறும் வரைபடங்களின் அச்சுப் பெயர் தவறாக அமைந்து, அவற்றை வரைவதற்குப் பயன்பட்ட தரவுக் கோப்பும் கிடைக்காதபோது, படிமத்தை மட்டும் கொண்டு திருத்த வேண்டிய நிலை ஏற்படுகிறது. நீடாமங்கலம் பகுதியின் பாசன ஆய்வுகளில் இடம்பெறத்தக்க மேட்டூர் அணை வரைபடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சரியான பெயர் எது என்பதைச் சான்றுகளால் நிறுவும் முறையையும், வளைகோடு மாறாமல் பெயரை மட்டும் மாற்றும் முறையையும், திருத்தத்தைப் பதிவுசெய்யும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அச்சுப் பெயர், வரைபடப் படிமம், நீர்மட்டம், நீர் இருப்பு, மேட்டூர், நீடாமங்கலம், திருத்தக் குறிப்பு.

முன்னுரை

மேட்டூரில் திறக்கப்படும் நீர் கல்லணையை அடைந்து பிரிகிறது. அங்கிருந்து வெண்ணாற்றில் வரும் நீர் நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பகுக்கப்படுகிறது. ஆதலால் இப்பகுதியின் குறுவை, சம்பா சாகுபடியை ஆராய்வோர் மேட்டூர் அணையின் நிலையைக் காட்டும் வரைபடம் ஒன்றையேனும் தம் ஆய்வேட்டில் சேர்ப்பது இயல்பு.

அணையின் அன்றாட அறிக்கையில் நீர்மட்டம் அடியிலும், நீர் இருப்பு டி.எம்.சி.யிலும், நீர்வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்குக் கன அடியிலும் அடுத்தடுத்துத் தரப்படுகின்றன. ஒரு நிரலின் எண்களை எடுத்துக்கொண்டு, பக்கத்து நிரலின் தலைப்பை அச்சுப் பெயராக இட்டுவிடுவது எளிதில் நேரும் பிழை. சில ஆண்டுகள் கழித்து அப்பிழை கண்டறியப்படும்போது, வரைபடம் மட்டும் படிமமாக எஞ்சியிருக்கும். தரவுக் கோப்பு இராது.

இங்கு ஆராயப்படும் மாதிரி வரைபடம் 2018 ஜூன் 1 முதல் 2019 ஜனவரி 31 வரையிலான மேட்டூர் நிலையைக் காட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. அதன் செங்குத்து அச்சு 0 முதல் 120 வரை செல்கிறது, பெயர் ‘நீர் இருப்பு (டி.எம்.சி.)’ என்றுள்ளது. படப்புள்ளி எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை. அணையைப் பற்றிய எண்கள் பதிவுகளில் உள்ளவை.

1. படிமம்தானா என்னும் வினா

திருத்தத் தொடங்குமுன், தரவு உண்மையாகவே இல்லையா என்று பார்த்தல் வேண்டும். சொற்செயலிக் கோப்பில் படம்போலத் தோன்றும் வரைபடம் பல நேரங்களில் படமாக இருப்பதில்லை. `.docx` கோப்பு என்பது பல கோப்புகளை அடக்கிய பொதி. அதன் உள்ளடக்கத்தைப் பின்வரும் கட்டளை பட்டியலிடும்:

```
unzip -l chapter3.docx
```

பட்டியலில் `word/charts/chart1.xml` என்னும் பெயர் தென்பட்டால் வரைபடத்தின் எண்கள் பெரும்பாலும் அக்கோப்பிற்குள்ளேயே இருக்கும். இணைக்கப்பட்டிருந்த அட்டவணைக் கோப்பு அழிந்திருப்பினும், வரைவதற்காகச் சேமிக்கப்பட்ட மதிப்புகள் அதில் தங்கியிருக்கும். அவ்வாறாயின் படிமத்தைத் தொடவே தேவையில்லை. `word/media/image1.png` போன்ற பெயர் மட்டும் இருந்தால், எஞ்சியிருப்பது படிமமே எனக் கொள்ளலாம்.

2. சரியான பெயரை நிறுவுதல்

‘இது நீர்மட்டமாகத்தான் இருக்க வேண்டும்’ என்னும் ஊகம் திருத்தத்திற்குப் போதாது. படிமத்திற்கு வெளியே உள்ள பதிவு ஒன்று அதனை உறுதிப்படுத்த வேண்டும்.

முதற்சான்று அச்சின் எல்லை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு நீர்மட்டம் 120 அடி. வளைகோடு 93.47-ஐக் கடந்து 120 வரை உயர்கிறதெனில் அது நீர் இருப்பைக் குறிக்க இயலாது.

இரண்டாவது சான்று நாளறிந்த நிகழ்வு. 2018 ஜூலை 23 அன்று அணை 120 அடியை எட்டியது. அந்த நாளில் வளைகோடு எங்கே நிற்கிறது என்பதைப் படிமத்தில் அளந்து பார்க்கலாம். கிடை அச்சில் ஜூன் 1 என்பது 150-ஆம் படப்புள்ளியிலும், ஜனவரி 31 என்பது 1370-ஆம் படப்புள்ளியிலும் இருப்பதாகக் கொள்வோம். இடையில் 244 நாள்கள். நாளொன்றுக்கு 5 படப்புள்ளிகள். ஜூன் 1-லிருந்து ஜூலை 23 வரை 52 நாள்கள் ஆதலால் அந்நாளின் இடம் 150 + 260 = 410. செங்குத்து அச்சில் 0 என்பது 900-ஆம் வரிசையிலும், 120 என்பது 100-ஆம் வரிசையிலும் இருந்தால், ஒரு படப்புள்ளி 0.15 அலகுக்குச் சமம். வளைகோடு 410-ஆம் படப்புள்ளியை ஒட்டி 100-ஆம் வரிசையை முதன்முறையாகத் தொடுமாயின், அந்நாளின் மதிப்பு 120 ஆகும். நீர் இருப்பாக இருந்திருந்தால் அது 93.47-இல், அதாவது ஏறத்தாழ 277-ஆம் வரிசையில் நின்றிருக்கும். இரண்டிற்குமிடையே 177 படப்புள்ளிகள் வேறுபாடு உள்ளமையால், கோட்டின் தடிப்பால் நேரும் ஓரிரு படப்புள்ளிப் பிழை முடிவை மாற்றாது.

மூன்றாவதாக அலகையும் சோதித்தல் வேண்டும். 120 என்பது மீட்டராக இருக்க இயலாது. அணையின் உயரமே 214 அடி, அதாவது ஏறத்தாழ 65 மீட்டர்தான். கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும்போது முழு நீர்மட்டம் 790 அடி. எனவே, அச்சில் உள்ளது அணையின் அளவுகோலில் படிக்கப்படும் அடிக்கணக்கு. திருத்தப்பட்ட பெயர் ‘அணை அளவுகோலில் நீர்மட்டம் (அடி)’ என அமைதல் தகும்.

வளைகோடு 93-ஐத் தாண்டாத வறட்சி ஆண்டாயின் முதற்சான்று உதவாது. அப்போது, நாளிதழ்களில் நீர்மட்டமும் இருப்பும் சேர்த்து வெளியான இரண்டு மூன்று நாள்களைத் தேர்ந்து, வளைகோடு எவ்வெண்ணோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தல் வேண்டும். தேரும் நாள்கள் ஒன்றுக்கொன்று விலகிய நீர்மட்டங்களைக் கொண்டிருத்தல் நலம். சான்று கிடைக்காவிடில் அவ்வரைபடத்தை நீக்குவதே நேர்மையான வழி.

3. பெயர் மாற்றமா, அளவு மாற்றமா

அச்சின் எண்களை விகிதத்தால் மாற்றிவிட்டு, பழைய பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்னும் எண்ணம் எழக்கூடும். வினாடிக்குக் கன அடியைக் கன மீட்டராக்குவதில் அது செல்லும். ஒரே பெருக்கெண் அச்சு முழுமைக்கும் பொருந்தும். நீர்மட்டத்தை நீர் இருப்பாக்குவதில் அது செல்லாது. நீர்த்தேக்கம் மேலே விரிந்தும் கீழே குறுகியும் இருப்பதால் ஒவ்வோர் அடியும் ஒரே அளவு நீரைக் கொள்வதில்லை. விகிதப்படி 100 அடிக்கு 77.9 டி.எம்.சி. என்று வரும், உண்மையில் 100 அடியில் அணையின் இருப்பு ஏறத்தாழ 65 டி.எம்.சி.தான்.

இந்த வேறுபாட்டின் பொருளை வெளியேற்றத்தோடு ஒப்பிட்டால் உணரலாம். வினாடிக்கு 10,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் திறந்தால் 0.864 டி.எம்.சி. வெளியேறும். விகிதக் கணக்கால் மிகையாகும் 13 டி.எம்.சி. என்பது 15 நாள் நீர். தவறான பெயரை நம்பி 100 என்பதை 100 டி.எம்.சி. என்றே கொண்டால் மிகை 35 டி.எம்.சி.; அது 40 நாள் நீர். நான்கு மாதத்திற்குள் முடியும் குறுவைக்கு அணையில் நீர் போதுமா என்று ஆராயும் இயலில் 40 நாள் என்பது முடிவையே புரட்டிவிடும். ஆகவே, வளைகோட்டையும் அச்சின் எண்களையும் தொடாமல் பெயரை மட்டுமே மாற்றுதல் வேண்டும்.

4. படிமத்தில் செய்யும் திருத்தம்

மூலப் படிமத்தை அப்படியே பேணி, படியெடுத்த கோப்பில் பணியாற்ற வேண்டும். ImageMagick மென்பொருளில், பழைய பெயர் இருக்கும் செவ்வகத்தைப் பின்னணி நிறத்தால் மறைக்கலாம். மாதிரிப் படிமத்தில் அச்செவ்வகம் இடப்புற ஓரத்தில் உள்ளது:

```
magick mettur2018.png -fill white -draw "rectangle 20,250 70,750" masked.png
```

புதிய பெயரை அதே மென்பொருளில் எழுதும்போது, தமிழ் எழுத்துருவாக்கத்திற்கான துணைநிரல் நிறுவப்படாத கணினிகளில் கொம்பும் காலும் இடம்மாறி அச்சாகக்கூடும். ஆதலால் Inkscape-இல் பெயரைத் தட்டச்சு செய்து, 90 பாகை திருப்பி, 50×500 படப்புள்ளி அளவில் `label.png` எனத் தனியே ஏற்றுமதி செய்வது பாதுகாப்பானது. முழுப் படிமத்தையும் Inkscape வழியே ஏற்றுமதி செய்தால் வளைகோட்டின் விளிம்புகள் மாறக்கூடும். தனிச்சீட்டாக ஒட்டினால் அவ்விடர் இல்லை:

```
magick masked.png label.png -geometry +20+250 -composite corrected.png
```

பெயரிருந்த இடத்தைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்தல் போதாது. திருத்திய படிமத்திலும் அதே செவ்வகத்தை மறைத்து, முன்னர் மறைத்த படிமத்தோடு ஒப்பிட வேண்டும்:

```
magick corrected.png -fill white -draw "rectangle 20,250 70,750" check.png
magick compare -metric AE masked.png check.png null:
```

விடை 0 எனில் செவ்வகத்திற்கு வெளியே ஒரு படப்புள்ளியும் மாறவில்லை. வேறெண் வந்தால், சீட்டு செவ்வகத்தைத் தாண்டியிருக்கும். அல்லது இடையில் ஏதேனும் ஒரு கோப்பு ஜே.பி.ஜி.யாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஜே.பி.ஜி. முறை ஒவ்வொரு சேமிப்பிலும் படப்புள்ளிகளைச் சிறிது மாற்றுவதால், மூலப்படம் அவ்வடிவில் இருந்தாலும் முதற்படியிலேயே அதனை பி.என்.ஜி.யாக மாற்றிக்கொண்டு பணியாற்ற வேண்டும்.

5. திருத்தக் குறிப்பு

சான்று இன்றிப் பெயரை மாற்றிய படிமம், தவறான பெயரைக் கொண்ட படிமத்தைவிட நம்பத்தக்கதன்று. ஆதலால் படத்தின் கீழ் குறிப்பு இடம்பெற வேண்டும். மாதிரி வரைபடத்திற்கு அது இவ்வாறு அமையலாம்: ‘செங்குத்து அச்சின் பெயர் முன்னர் “நீர் இருப்பு (டி.எம்.சி.)” எனத் தவறாக இருந்தது, “அணை அளவுகோலில் நீர்மட்டம் (அடி)” எனத் திருத்தப்பட்டது. தரவுக் கோப்பு கிடைக்கவில்லை. அணையின் கொள்ளளவு எல்லையும், 2018 ஜூலை 23 அன்று அணை 120 அடியை எட்டிய பதிவும் திருத்தத்திற்கு அடிப்படை. வளைகோடும் அச்சின் எண்களும் மாற்றப்படவில்லை.’

கட்டுரை ஏற்கெனவே வெளியாகியிருந்தால் கோப்பை ஓசையின்றி மாற்றிவைத்தல் முறையன்று. பழைய படத்தைக் கண்டு மேற்கோள் காட்டியவர் குழப்பமடைவார். திருத்தம் தனி அறிவிப்பாக, நாளிட்டு வெளியாதல் வேண்டும். மேலும், அச்சிலிருந்து படித்த எண்கள் கட்டுரையின் பிற பகுதிகளில் டி.எம்.சி. எனப் பயன்பட்டிருப்பின் அவ்விடங்கள் ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். ‘அணையில் 100 டி.எம்.சி. இருந்தபோது’ என்னும் தொடர் ஒன்று எஞ்சியிருந்தாலும் திருத்தம் முழுமை பெறாது.

முடிவுரை

மேட்டூர் வரைபடத்தில் பெயரை உறுதிசெய்தவை அணையின் கொள்ளளவும் அணை நிரம்பிய நாளும் ஆகிய இரு பொதுப் பதிவுகள். நீர்மட்டத்திற்கும் இருப்பிற்குமான உறவு நேர்விகிதத்தில் அமையாமையால் பெயர் மாற்றம் மட்டுமே ஏற்புடையதாயிற்று. இவ்வாறு திருத்திய படிமத்திலிருந்து நீர்மட்டத்தை அரை அடிக்குள்ளான துல்லியத்தில் படிக்கலாம். நீர் இருப்பைப் படிக்க இயலாது. அது தேவைப்படும் ஆய்வாளர், அந்தந்த நாளின் அணை அறிக்கையிலிருந்து தரவைப் புதிதாகத் திரட்டுதல் வேண்டும்.