பன்னிரண்டாவது தவணை யார் கணக்கில்?

நகைக்கடைச் சீட்டில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 11 மாதம் கட்டினால் 55,000. கடைக்காரர் ஒரு தவணையைப் போனஸாகச் சேர்த்து, 60,000 ரூபாய்க்கு நகை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். முதல் தவணை 11 மாதமும் கடைசித் தவணை ஒரே மாதமும் கடையில் இருக்கும் என்று வைத்துப் பார்த்தால், அந்த 5,000 ஆண்டுக்கு 18 சதவீத வட்டிக்குச் சமம். எந்த வங்கியும் தராத வட்டிதான். ஆனால் அது உங்கள் கைக்கு வருமா என்பது பில் போடும் நாளில்தான் தெரியும்.

அன்றைய 22 காரட் விலை கிராமுக்கு 10,000 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எடுக்கும் சங்கிலிக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் கிராம் 11,200 ஆகிவிடும். அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 11,536. உங்கள் 60,000 ரூபாய்க்கு வருவது 5.2 கிராம்.

பக்கத்துக் கடையில் போனஸ் கிடையாது. சேதாரத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். அங்கே 55,000 ரூபாய்க்கு, ஜிஎஸ்டி மட்டும் சேர்த்து, 5.34 கிராம் கிடைக்கும். கட்டிய பணம் ஒன்றுதான், போனஸ் தராத கடையில்தான் தங்கம் கூடுதல். சேதாரம் ஏறத்தாழ 9 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போனஸ் லாபம். அதற்கு மேலே போனால் தள்ளுபடிதான் லாபம். தள்ளுபடிக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். வேலைப்பாடு மிகுந்த நகை அதைத் தாண்டினால் மிச்சத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இதனால்தான் நகையைத் தேர்ந்தெடுக்கும்போது சீட்டு அட்டையை வெளியே எடுக்காமல், சேதாரம் எத்தனை சதவீதம் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

எடைக் கணக்குச் சீட்டு வேறு வகை. ஒவ்வொரு தவணையும் அன்றைய விலைப்படி கிராமாகப் பாஸ்புக்கில் ஏறும். விலை 10,000 என்றால் 5,000 ரூபாய்க்கு 0.500 கிராம் என்று இருக்க வேண்டும். ரசீதில் விலை, எடை இரண்டும் இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். 11 மாதத்தில் விலை 9,000-லிருந்து 10,000-க்குச் சீராக ஏறியிருந்தால் சுமார் 5.8 கிராம் சேர்ந்திருக்கும். விலை இறங்கினால் இந்தக் கணக்கு தலைகீழாகும்.

11 மாதம் என்பதற்கும் காரணம் உண்டு. 2014-ஆம் ஆண்டின் கம்பெனி வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் அது வைப்புத்தொகையாகிவிடும். அதனால் இடையில் ஒரு தவணை தவறினால் பின்னால் சேர்த்துக் கட்ட அதிக இடமில்லை. பெரும்பாலான கடைகளில் போனஸ் குறையும் அல்லது போய்விடும். பாதியில் நிறுத்தினாலும் பணமாகத் திரும்பக் கிடைப்பது அரிது, நகையாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளில் இந்த இரண்டையும் முதல் தவணை கட்டும் முன்பே தேடிப் படியுங்கள்.