சிக்னலில் ஏறி இறங்கும் ரேஸ்

அப்பா ஓட்டிய 100 சிசி பைக் என் கைக்கு வந்தபோது அதற்கு 14 வயது. ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் நின்றால்தான் தொல்லை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாக ரேஸ் ஏறும், இரண்டு மூன்று விநாடியில் அணையப்போவதுபோல் இறங்கும், மறுபடி ஏறும். பக்கத்து வண்டிக்காரர் நான் அவசரப்படுவதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார். என் கையோ ஹேண்டில்பாரில் சும்மா இருக்கும்.

மூன்று பட்டறைகளுக்குப் போனேன். மூன்றிலும் ஒரே வைத்தியம்தான்: கார்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ‘ஏர் ஸ்க்ரூ’வைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகிவிட்டு, ஐடிலிங்கைக் கொஞ்சம் கூட்டி அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் தாங்கும். பிறகு பழைய கதை.

நான்காவதாகப் போன பட்டறையில் இருந்த பெரியவர் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை. இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட விட்டு, ரேஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே சோக்கைக் கால்வாசி இழுத்தார். இன்ஜின் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. சோக்கைத் தள்ளினார், ஆட்டம் திரும்பியது. “பட்டினி கிடக்கு தம்பி. பெட்ரோல் பத்தல, இல்லேன்னா காத்து எங்கேயோ கூட நுழையுது” என்றார்.

எனக்குத் தெரிந்தவரை இதைவிட எளிய சோதனை இல்லை. சோக் இழுத்தால் கலவையில் பெட்ரோலின் பங்கு கூடும். அப்போது ஆட்டம் நின்றால் நோய் பெட்ரோல் குறைவு. மாறாக இன்ஜின் திணறி, கரும்புகை விட்டு அணைந்தால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். அந்த வகை ஆட்டம் மெதுவாக, கனத்த தாளத்தில் வரும். ஸ்பார்க் பிளக்கும் கரிபிடித்துக் கிடக்கும்.

பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் அணைந்துபோகாமல் ஏன் ஏறி இறங்க வேண்டும்? பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதைவிட மிகவும் கூடினால் சில வெடிப்புகள் தவறும். ஐடிலிங்கில் காற்று வரும் சந்தின் அளவு மாறுவதில்லை. வேகம் குறையும்போது ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் கூடுதல் நேரம் கிடைப்பதால் சிலிண்டர் நன்றாக நிரம்புகிறது, வெடிப்பு பலமாகிறது, வேகம் ஏறுகிறது. வேகம் ஏறியதும் நிரம்ப நேரம் போதாது, வெடிப்பு மீண்டும் தவறுகிறது. அணைவதற்கும் ஓடுவதற்கும் நடுவில் உள்ள விளிம்பில் இன்ஜின் ஊசலாடுகிறது.

கூடுதல் காற்று எங்கே நுழைகிறது என்று பார்க்க, பெரியவர் ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டார். கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு இணைப்பின் மேலும் சொட்டு சொட்டாக விட்டார். கார்பரேட்டர் வந்து உட்காரும் ஃபிளாஞ்சில் தண்ணீர் பட்டதும் ஆட்டம் இரண்டு விநாடி நின்றது. கசிவின் வாயைத் தண்ணீர் அடைத்திருக்கிறது. சிலர் இதையே பெட்ரோல் தெளித்துப் பார்ப்பார்கள். சூடான சைலன்சர் பைப் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

கழற்றியபோது காரணம் தெரிந்தது. ஃபிளாஞ்சின் ஓ-ரிங் தட்டையாகி, பிளாஸ்டிக் துண்டுபோல் இறுகியிருந்தது. ஃபிளாஞ்சே வளைந்திருந்தது. இரும்பு ஸ்கேலை அதன் முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கீற்றாக ஒளி வந்தது. இரண்டு பக்கமும் போல்ட்டைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினால் மெல்லிய அலுமினியம் இப்படித்தான் வளையும். தட்டையான கண்ணாடிமேல் எமரி தாளை வைத்து, முகத்தை மெதுவாகத் தேய்த்துச் சமன்செய்தார். புது ஓ-ரிங் போட்டு, இரு போல்ட்டையும் மாறி மாறி அளவாக இறுக்கினார்.

ஆட்டம் பாதியாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. அடுத்து அவர் பார்த்தது ஃப்ளோட் லெவலை.

கார்பரேட்டரின் அடியில் உள்ள கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் எழுந்து, தன் சிறு தகட்டு நாக்கால் நீடில் வால்வைத் தள்ளி வரத்தை மூடும். வீட்டு மேல்தொட்டியில் உள்ள மிதவை வால்வு போலத்தான். அந்த மட்டத்திலிருந்துதான் ஸ்லோ ஜெட் வழியாகப் பெட்ரோலை இன்ஜின் உறிஞ்சி மேலே தூக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளை அது. மட்டம் சில மில்லிமீட்டர் தாழ்ந்தாலே ஐடிலிங்கில் கலவை மெலிந்துவிடும்.

மட்டத்தைப் பார்க்கக் கார்பரேட்டரைப் பிரிக்க வேண்டியதில்லை. வண்டியை மெயின் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் மூக்கில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதைக் கிண்ணத்தை ஒட்டி மேலே பிடித்துக்கொண்டு வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் போதும். உள்ளே உள்ள மட்டம் குழாயில் தெரியும். கிண்ணமும் உடலும் சேரும் கோட்டிலிருந்து அது எவ்வளவு கீழே நிற்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சர்வீஸ் கையேட்டில் இருக்கும். என் வண்டியில் நிற்க வேண்டியதைவிட நன்றாகத் தாழ்ந்து நின்றது.

கிண்ணத்தைத் திறந்ததும் பழைய வைத்தியம் ஒன்று வெளிப்பட்டது. நீடில் வால்வின் ரப்பர் நுனியில் வளையமாகத் தேய்ந்த தடம். அதனால் ஒரு காலத்தில் பெட்ரோல் ஒழுகியிருக்க வேண்டும். வால்வை மாற்றுவதற்குப் பதிலாக யாரோ மிதவையின் நாக்கை வளைத்து, சீக்கிரமே மூடும்படி செய்திருக்கிறார்கள். ஒழுகல் நின்றது, மட்டம் இறங்கியது. பெரியவர் புது வால்வு போட்டு, நாக்கைக் கையேட்டின் அளவுக்குத் திரும்ப வளைத்தார். அளக்கும்போது நாக்கு வால்வின் ஸ்பிரிங் முனையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அழுத்தினால் அளவு பொய்யாகும்.

கடைசியில்தான் ஸ்க்ரூவைத் தொட்டார். முதலில் அதை உள்ளே திருகியபடி சுற்றை எண்ணினார். நான்கு சுற்று வெளியே இருந்திருக்கிறது. கூடுதலாக நுழைந்த காற்றுக்கு ஈடுகட்ட ஒவ்வொரு பட்டறையும் அதை இன்னும் கொஞ்சம் வெளியே எடுத்திருக்கிறது. எல்லாரும் ஏர் ஸ்க்ரூ என்று சொன்னாலும் அது இரண்டு வகை. கார்பரேட்டரின் ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது உண்மையிலேயே காற்றை அளக்கும், வெளியே எடுத்தால் பெட்ரோல் பங்கு குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது கலவையை அளக்கும், வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும். என் வண்டியில் இருந்தது இரண்டாவது வகை.

மெதுவாக அடிவரை உட்காரவைத்து (இறுக்கினால் கூர்நுனி உடையும்), இரண்டு சுற்று வெளியே எடுத்தார். பிறகு கால் கால் சுற்றாகத் திருகி, வேகம் அதிகமாக வரும் இடத்தில் விட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை 1400 சுற்றுக்கு இறக்கினார். இன்ஜின் அசையாமல் நின்றது. ஒரு ஓ-ரிங், ஒரு நீடில் வால்வு, ஒன்றரை மணி நேரம்.

இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் பெரும்பாலான புது பைக்குகளில் கார்பரேட்டர் இல்லை. பழையவை இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜனும் சேர்ந்தே இருப்பதால், அதே ஜெட்டில் கலவை சற்று மெலியும். விளிம்பில் நிற்கும் பழைய வண்டி ஆட்டம்போட அதுவே போதும்.

உங்கள் வண்டிக்கு இந்த நோய் வந்தால், மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் சோக்கை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூ இப்போது எத்தனை சுற்றில் இருக்கிறது என்று எண்ணி ஒரு தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.