ஹம் எங்கிருந்து வருகிறது? ஓர் எலிமினேட்டரின் கணக்கு

பழைய ரேடியோவையோ கையால் செய்த ஆம்ப்ளிஃபயரையோ போட்டதும் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்...’ என்று ஓர் உறுமல் ஓடிக்கொண்டிருக்கும். ரிப்பேர் கடைக்காரர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “ஹம் அடிக்குது, ஃபில்டர் கண்டென்சர் போயிருக்கும்” என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். அந்த உறுமல் ஸ்பீக்கரில் பிறப்பதில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை ரேடியோவுக்கு ஏற்ற நேர்மின்சாரமாக மாற்றும் எலிமினேட்டர், வேலையை முழுதாக முடிக்காமல் விட்ட மிச்சம் அது. அந்த மிச்சத்துக்கு ரிப்பிள் என்று பெயர். எவ்வளவு ரிப்பிள் வரும் என்பதை, சாமான் வாங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடலாம்.

நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கித் திசை மாறும் அலை. ஒரு முழு அலைக்கு 20 மில்லி விநாடி ஆகும். அதில் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே. டையோடு ஒருவழிப் பாதை என்பதால், வழியில் ஒரே ஒரு டையோடை வைத்தால் மேல்பாதி மட்டும் கடந்துபோகும், கீழ்ப்பாதி நின்றுவிடும். பள்ளிப் பாடநூல்கள் இதை அரை அலைத்திருத்தி என்கின்றன. கீழ்ப்பாதியையும் திருப்பி மேலே கொண்டுவந்துவிட்டால் முழு அலைத்திருத்தி. முதலாவதில் 20 மில்லி விநாடிக்கு ஒரு மேடு வரும். இரண்டாவதில் 10 மில்லி விநாடிக்கு ஒன்று. இனி வரும் கணக்கெல்லாம் இந்த இரண்டு எண்களைச் சுற்றித்தான்.

மேடுகளாக வரும் இந்த மின்சாரத்தை ரேடியோவுக்கு அப்படியே கொடுக்க முடியாது. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே வோல்டேஜ் பூஜ்யத்துக்கு விழுகிறது. அங்கேதான் கண்டென்சர் வருகிறது. மோட்டார் ஓடும்போது நிரம்பி, நின்றபின் குழாய்க்குத் தண்ணீர் விடும் மாடித் தொட்டியைப் போல, அது மேட்டின் உச்சியில் நிரம்பிக்கொண்டு அடுத்த மேடு வரும்வரை தன் இருப்பிலிருந்து கொடுக்கிறது. கொடுக்கக் கொடுக்க வோல்டேஜ் இறங்கும். உச்சிக்கும் அடிக்கும் உள்ள அந்த இறக்கம்தான் ரிப்பிள்.

எவ்வளவு இறங்கும்? எடுக்கும் கரண்ட் கூடினால் இறக்கமும் கூடும். காத்திருக்கும் நேரம் நீண்டாலும் கூடும். கண்டென்சர் பெரிதானால் குறையும். இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை:

V = I / (f × C)

இதில் V என்பது ரிப்பிள் வோல்ட். I என்பது ஆம்பியரில் கரண்ட். C என்பது ஃபாரடில் கண்டென்சரின் அளவு. f என்பது விநாடிக்கு எத்தனை மேடு என்ற எண். அரை அலைக்கு 50, முழு அலைக்கு 100. மேடு வந்து மறுபடி நிரப்பும் சிறு நேரத்தை இந்தச் சூத்திரம் கழிப்பதில்லை. அதனால் விடை உண்மையைவிடச் சற்று அதிகமாகவே வரும். வடிவமைப்பவருக்கு அது நல்லதுதான்.

ஓர் உண்மையான வேலையை எடுத்துக்கொள்வோம். 5 வோல்ட்டில் ஓடும் சின்ன ஸ்பீக்கர் போர்டு, அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர் இழுக்கும். வோல்டேஜை 5-இல் பிடித்து நிறுத்த 7805 ரெகுலேட்டர். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் 9-0-9 டிரான்ஸ்ஃபார்மர், 1 ஆம்பியர். இந்த டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு வசதி உண்டு. ஒரு முனைக்கும் நடு ஒயருக்கும் இடையே ஒரு டையோடு போட்டால் அரை அலை. மறுமுனையிலும் ஒன்று போட்டால் முழு அலை. வித்தியாசம் ஒரே ஒரு 4007 டையோடு.

கணக்கை உச்சியிலிருந்து தொடங்கக் கூடாது, அடியிலிருந்து தொடங்க வேண்டும். 7805 ஒழுங்காக வேலை செய்ய அதன் வாசலில் எப்போதும் சுமார் 7 வோல்ட்டாவது இருக்க வேண்டும். சராசரி 7 இருந்தால் போதாது. ரிப்பிளின் அடிப்புள்ளியே 7-க்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு முறை அது கீழே போகும்போதும் ரெகுலேட்டர் கைவிட்டுவிடும், அந்தப் பள்ளம் நேராக ஸ்பீக்கருக்குப் போய் ஹம் ஆகும். புதிதாகச் செய்பவர்கள் மீட்டரில் சராசரியைப் பார்த்து “9 வோல்ட் காட்டுதே, அப்புறம் ஏன் ஹம்?” என்று குழம்புவது இங்கேதான்.

இப்போது உச்சி. 9 வோல்ட் என்று டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது அலையின் பயனுறு மதிப்பு. அதன் உச்சி 1.414 மடங்கு, அதாவது 12.7 வோல்ட். டையோடில் சுமார் 1 வோல்ட் கழியும். மீதி 11.7. ஆனால் இது கரண்ட் 230-இல் நிற்கும் நேரத்தின் கணக்கு. மாலையில் தெருவே விளக்கும் மோட்டாரும் போடும்போது பல ஊர்களில் 190-க்கு இறங்கிவிடுகிறது. அப்போது உச்சி 10.5; டையோடு போக 9.5. அடியில் 7 வேண்டும் என்றால் இடைவெளி 2.5 வோல்ட். அரை வோல்ட்டைப் பாதுகாப்புக்கு விட்டு, ரிப்பிளுக்கு 2 வோல்ட் ஒதுக்கலாம்.

முழு அலையில் தேவையான கண்டென்சர் 0.5 / (100 × 2), அதாவது 0.0025 ஃபாரட். கடை மொழியில் 2500 மைக்ரோ ஃபாரட். அந்த அளவு கடையில் கிடைக்காது. 2200 கிடைக்கும், 3300 கிடைக்கும். ‘2200 கிட்டத்தட்டத்தானே’ என்று வாங்கிவிடத் தோன்றும். வாங்கக் கூடாது. எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் எழுதியிருக்கும் அளவில் 20 சதவீதம் வரை குறைவாக இருப்பது சாதாரணம். 3300 என்று வாங்கியது 2640 ஆகவே இருந்தாலும் ரிப்பிள் 1.9 வோல்ட்தான், நாம் ஒதுக்கிய 2-க்குள் அடங்கிவிடும். சரியான அளவில் இருந்தால் 1.5 வோல்ட்.

அதே வேலையை அரை அலையில் செய்தால் 5000 மைக்ரோ ஃபாரட் வேண்டும். 4700 வாங்கி, அது 20 சதவீதம் குறைவாகவும் இருந்துவிட்டால் ரிப்பிள் 2.7 வோல்ட்டுக்குப் போகும், மாலை நேரத்தில் அடிப்புள்ளி 7-க்குக் கீழே விழும். ஆகவே 6800 வாங்க வேண்டும். ஒரு டையோடை மிச்சம் பிடித்தவர் இருமடங்குக் கண்டென்சருக்குக் காசு கொடுக்கிறார்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு நேரும் கதி இன்னும் மோசம். கண்டென்சர் உச்சியில் மட்டுமே நிரம்புவதால், நம் முழு அலைச் சர்க்கியூட்டில் ஒவ்வொரு 10 மில்லி விநாடியிலும் டையோடு திறந்திருப்பது ஏறத்தாழ ஒன்றரை மில்லி விநாடிதான். வெளியே சீராக அரை ஆம்பியர் போக, உள்ளே அதைவிடப் பல மடங்கு கரண்ட் குறுகிய துடிப்பாகப் பாய்கிறது. அரை அலையில் மேடுகள் பாதிதான், எனவே ஒவ்வொரு துடிப்பும் இன்னும் பெரிது. போதாக்குறைக்கு எல்லாம் ஒரே திசையில் பாய்ந்து இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக ஒருபக்கம் தள்ளுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் தயாரிப்பவர்கள் பயன்படுத்தும் கைக்கணக்கின்படி, நடு ஒயர் முழு அலைக்கு எடுக்கும் நேர்க் கரண்ட் அளவுக்கே டிரான்ஸ்ஃபார்மர் போதும். அரை அலைக்கு மூன்றரை மடங்கு வேண்டும். நமது 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் முதலாவதில் சுகமாக ஓடும், இரண்டாவதில் தொட முடியாத அளவுக்குச் சுடும்.

நடு ஒயர் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் என்றால் நான்கு டையோடு போட்ட பிரிட்ஜ். இதற்கு லியோ கிரேட்ஸ் என்ற ஜெர்மானியரின் பெயரைச் சொல்வார்கள். அவர் அதை வெளியிட்டது 1897-இல். அவருக்கு முன்பே போலந்துக்காரர் கரோல் போலாக் காப்புரிமை கேட்டிருந்தார். எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சருக்கும் 1896-இல் காப்புரிமை கேட்டவர் அதே போலாக்தான். எலிமினேட்டரின் இரண்டு முக்கிய உறுப்புகளும் ஒரே மனிதரின் மேஜையைக் கடந்திருக்கின்றன, ஆனால் கடைத்தெருவில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பிரிட்ஜில் கரண்ட் இரண்டு டையோடுகளைத் தாண்டுவதால் இன்னும் ஒரு வோல்ட் கழியும். அதைக் கணக்கில் சேர்க்க மறந்தால் நாம் விட்ட பாதுகாப்பு இடைவெளி காணாமல் போகும்.

கண்டென்சரின் மேல் எழுதியிருக்கும் இன்னோர் எண் வோல்டேஜ். இதை எதிர்முனையிலிருந்து பார்க்க வேண்டும்: நள்ளிரவில் 250 வோல்ட், ஸ்பீக்கர் போர்டு கழற்றப்பட்டிருக்கிறது. சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் லோடு இல்லாதபோது எழுதியதைவிட 15, 20 சதவீதம் அதிகம் தரும். கூட்டிப் பார்த்தால் கண்டென்சரில் 15 வோல்ட்டைத் தாண்டும். 16 வோல்ட் கண்டென்சர் விளிம்பில் நிற்கும். 25 வோல்ட் போடுவதுதான் முறை. 7805-க்கும் ஒரு ஹீட் சிங்க் தேவை, ஏனென்றால் 11 வோல்ட் வாங்கி 5 கொடுக்கும் அது முழு லோடில் சுமார் 3 வாட்டைச் சூடாகவே வெளியேற்றுகிறது.

செய்து முடித்தபின் கணக்கு சரியா என்று பார்க்க ஆசிலோஸ்கோப் கட்டாயமில்லை. முழு லோடில், டிரான்ஸ்ஃபார்மரின் 230 வோல்ட் பக்கத்தில் கை படாமல், மல்டிமீட்டரை ஏசி நிலையில் வைத்துக் கண்டென்சரின் இரு முனைகளில் தொடலாம். சில மலிவு மீட்டர்கள் நேர்மின்சாரத்தையும் சேர்த்துக் காட்டிவிடும்; மீட்டரின் ஒரு ஒயரில் 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரைத் தொடராகப் போட்டால் அந்தக் கோளாறு இராது. ரம்பப்பல் வடிவ அலைக்கு மீட்டர் காட்டுவது உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றரையில் ஒரு பங்கு. நமது 1.5 வோல்ட் ரிப்பிள் அங்கே 0.4 வோல்ட் அளவில் தெரியும்.

சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் 0.8, 0.9 காட்டினால் காரணம் இரண்டில் ஒன்று. கண்டென்சர் உள்ளே காய்ந்து பாதி அளவாகியிருக்கலாம். ஹீட் சிங்குக்கு ஒட்டி வைத்திருந்தால் அது சீக்கிரமே நடக்கும், ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதால். அல்லது இரண்டு டையோடுகளில் ஒன்று அறுந்து, முழு அலை சத்தமில்லாமல் அரை அலையாகியிருக்கலாம். ரிப்பிளின் அளவு இரண்டிலும் ஒன்றே. அதிர்வெண்தான் காட்டிக்கொடுக்கும். மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் நிலை இருந்தால் பாருங்கள்: 100 காட்டினால் கண்டென்சரை மாற்றுங்கள், 50 காட்டினால் டையோடை மாற்றுங்கள்.

அரை அலைக்கும் இடம் உண்டு. ஓர் எல்இடியும் சின்ன ரிமோட் ரிசீவரும் மட்டும் ஓட 20 மில்லி ஆம்பியர் போதுமென்றால், ஒரு டையோடும் 1000 மைக்ரோ ஃபாரடும் 0.4 வோல்ட் ரிப்பிளில் வேலையை முடித்துவிடும், டிரான்ஸ்ஃபார்மரும் சுடாது. 100 மில்லி ஆம்பியரைத் தாண்டும் எதற்கும் இரண்டாவது டையோடைச் சேர்த்துவிடுங்கள்.