வெற்றுச் சுவர் அறையில் டிவி ஒலி

புதுவீட்டுக் கூடத்தில் கை தட்டிப் பாருங்கள். ஓசை 'ணங்' என்று இழுத்தால், டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன என்று பொருள். டிவியில் வசனம் புரியாமல் சத்தத்தைக் கூட்டினால், எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

முதலில் சரவுண்டை அணைத்துவிட்டு, செய்தி வாசிப்பவரின் குரலை வைத்துச் சரிபாருங்கள். பல டிவிகளின் ஈக்வலைசரில் 100, 300, 1000, 3000, 10000 ஹெர்ட்ஸ் என ஐந்து பட்டைகள் இருக்கும். நமக்கு முக்கியம் 300. உயிரொலிகளின் கனம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அது அறையில் தேங்கி, அடுத்து வரும் க, ச, ட போன்ற மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடுகிறது. அதை மூன்று படி இறக்குங்கள், 100-ஐ இரண்டு படி. 3000-ஐ ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் 'ஸ்' காதைக் கீறும். குரல் தகரம்போல் மெலிந்தால் 300-ஐ ஒரு படி திருப்பிக் கொடுங்கள்.

டிவி இடச்சுவரை ஒட்டியிருந்தால் குரல் இடப்பக்கம் சாயும். வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே பேலன்ஸை வலப்பக்கம் ஒவ்வொரு படியாக நகர்த்தி, குரல் வாசிப்பவரின் வாயிலிருந்து வருவதுபோல் தோன்றியதும் நிறுத்துங்கள்.

எதிரொலியை ஈக்வலைசரால் அழிக்க முடியாது. எதிர்ச்சுவரில் கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம் போட்டபின் மறுபடி கை தட்டிப் பாருங்கள். இறக்கிய பட்டைகளில் பாதியைத் திரும்ப ஏற்றலாம்.