ஒற்றை நட்சத்திரத்துக்கு மாமா எழுதிய பதில்

கிள்ளானில் என் மாமாவின் கடைக்குப் பெரிய அலங்காரம் எதுவும் கிடையாது. இரண்டு இரும்பு மேசைகள், ஒரு பழைய மின்விசிறி, சுவரோரம் வரிசையாகச் சலவை இயந்திரங்கள், அவ்வளவுதான். 26 ஆண்டுகளாக அதே கடைவீட்டில் வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர், மின்விசிறி என்று பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். தாமானில் பாதிப் பேருக்கு அவர் "அண்ணே", மீதிப் பேருக்கு "அங்கிள்".

சென்ற ஆண்டு அதே வரிசையில் ஐந்து கடை தள்ளிப் புதிதாக ஒரு பழுதுபார்ப்புக் கடை திறந்தார்கள். மூன்று மாதத்தில் மாமா கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. "பழைய ஆளுங்க வராங்கம்மா. புது ஆளுங்கதான் வரக் காணோம்" என்றார். கைபேசியை எடுத்து கூகுள் மேப்ஸில் தேடிப் பார்த்தேன். புதிய கடைக்கு 4.8 நட்சத்திரம். மாமாவுக்கு 3.9.

அந்த 3.9 எப்படி வந்தது என்று பார்த்தால், மொத்தமே ஏழு பேர்தான் கருத்து எழுதியிருந்தார்கள். ஐந்து பேர் ஐந்து நட்சத்திரம், இரண்டு பேர் ஒரு நட்சத்திரம். கூட்டினால் 27, ஏழால் வகுத்தால் 3.9. ஆயிரக்கணக்கான மெஷின்களைச் சரிசெய்த மனிதரைப் பற்றி அந்த இரண்டு பேர்தான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் செய்த தவறு

வானொலியில் வேலை செய்பவள் என்பதால் எனக்கு நண்பர்கள் அதிகம். அன்று மாலையே நிலையத்தில் ஆறு பேரைப் பிடித்து, ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொன்னேன். இரவுக்குள் மதிப்பீடு 4.4 ஆனது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமா அழைத்தார். "ஒரு அம்மா வந்து ஏர்கோன் சர்வீஸ் செய்யச் சொல்றாங்க. நான் எப்பம்மா ஏர்கோன் செஞ்சேன்?" நண்பர்களில் ஒருவர், கடையைப் பார்த்ததே இல்லாதவர், "ஏர்கோன் சர்வீஸ் பிரமாதம்" என்று எழுதி வைத்திருந்தார். அந்த வாரம் முடிவதற்குள் ஆறு கருத்துகளும் காணாமல் போயின. மதிப்பீடு மீண்டும் 3.9.

பிறகுதான் விதிமுறைகளை உட்கார்ந்து படித்தேன். நேரடி அனுபவம் இல்லாதவர்கள் எழுதும் கருத்து போலிக் கருத்து. உரிமையாளரோ கடை ஊழியரோ தன் கடைக்கே எழுதக்கூடாது. கருத்து எழுதினால் 10 ரிங்கிட் கழிவு என்று ஆசை காட்டுவதும் கூடாது. திருப்தியாகப் போனவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதச் சொல்வதற்கும் தடை இருக்கிறது. மீறினால் கருத்துகளை நீக்குவதோடு நிற்காமல், சில காலம் புதிய கருத்துகளே வரவிடாமலும் தடுத்துவிடுவார்கள். போலிக் கருத்துகள் நீக்கப்பட்டன என்ற அறிவிப்பை எல்லோரும் பார்க்கும்படி வைக்கவும் அவர்களால் முடியும். மாமாவின் 26 ஆண்டுப் பெயருக்கு நான் வாங்கித் தரவிருந்த பரிசு அதுதான்.

பலகை யாருடையது?

அடுத்து அந்த இரண்டு ஒற்றை நட்சத்திரங்களையும் பொறுமையாகப் படித்தோம். ஒருவர் எழுதியிருந்தார்: "போன் எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனால் கடை மூடியிருக்கிறது." மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை என்னைக்கு நான் கடை திறந்தேன்?"

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் மேப்ஸில் இருந்த தகவல் வேறு. வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும் என்று போட்டிருந்தது. தொலைபேசி எண், ஆறு ஆண்டுகளுக்கு முன்பே துண்டிக்கப்பட்ட பழைய எண். மேப்ஸில் இல்லாத ஓர் இடத்தை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். இருப்பதைத் திருத்தச் சொல்லிப் பரிந்துரைக்கவும் செய்யலாம். மாமாவின் கடையை எப்போதோ யாரோ சேர்த்திருக்கிறார். அது மாமாவுக்கே தெரியாது. ஆக, அந்த வாடிக்கையாளர் பொய் சொல்லவில்லை. கடைவாசலில் தப்பான பலகை தொங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்திலேயே "Claim this business" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு, கடை நம்முடையது என்று நிரூபிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. எங்களிடம் காணொளி கேட்டார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். சாலைப் பெயர்ப் பலகை, கடைப் பலகை, உள்ளே கருவிகள், கடை நம் பொறுப்பில் இருப்பதற்கான அடையாளம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். மாமா பூட்டைத் திறந்து, இரும்புக் கதவை மேலே தள்ளி, விளக்கைப் போடுவதை நான் பின்னால் நடந்தபடியே எடுத்தேன். சில நாளில் உறுதியானது.

அதன் பிறகு எண்ணையும் நேரத்தையும் திருத்தினோம். ஞாயிறு விடுமுறை என்று போட்டோம். தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களுக்கு முன்கூட்டியே நேரத்தைப் போட்டு வைத்தோம். கடைப் பெயரோடு "கிள்ளானில் சிறந்த வாஷிங் மெஷின் ரிப்பேர்" என்று சேர்த்தால் தேடலில் முந்தலாமே என்று எனக்கு ஓர் ஆசை. அதற்கும் விதி இடம் தரவில்லை. பலகையில் உள்ள பெயர்தான் அங்கும் இருக்க வேண்டும்; கூடுதல் சொற்களைத் திணித்தால் பக்கமே முடக்கப்படலாம்.

அந்த வாடிக்கையாளருக்கு மாமா பெயரில் பதில் போட்டோம்: "மன்னிக்கவும். இங்கே பழைய எண்ணும் தவறான நேரமும் இருந்தன. இன்று திருத்திவிட்டோம். ஞாயிறு விடுமுறை." இரண்டு வாரம் கழித்து அவர் ரைஸ் குக்கரோடு கடைக்கு வந்தார். போன பிறகு, யாரும் கேட்காமலேயே ஒன்றை நான்காக மாற்றியிருந்தார்.

மூன்று வாரக் கோபம்

இரண்டாவது கருத்துதான் கடினமானது. "மெஷினை மூன்று வாரம் வைத்திருந்தார். கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்றார். கடைசியில் 280 ரிங்கிட் கேட்டார்."

மாமா ஒரு பதில் எழுதிக் காட்டினார். அந்த வாடிக்கையாளர் எந்தத் தாமானில் இருக்கிறார், எவ்வளவு பேரம் பேசினார், அவர் மனைவி என்ன சொன்னார் என்பது வரை அதில் இருந்தது. "இதைப் படிக்கப் போறது அவர் மட்டும் இல்ல மாமா. நாளைக்கு மெஷின் கெட்டுப்போய் உங்களைத் தேடுறவங்களும் படிப்பாங்க. நம்ம வீட்டு விஷயத்தையும் இவர் இப்படித்தான் எழுதுவாரோன்னு நினைக்க மாட்டாங்களா?" என்றேன். நீக்கச் சொல்லிப் புகார் செய்யலாமா என்று அத்தை கேட்டார். வசைச்சொல், போலிக் கருத்து போன்ற விதிமீறல் இருந்தால் புகார் செய்யலாம். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக நீக்கமாட்டார்கள்.

மாமாவிடம் நடந்ததைக் கேட்டேன். மெஷினின் கட்டுப்பாட்டு போர்டு போய்விட்டது. பாகம் வர நாளானது. "ஏன் மாமா அதை அவர்கிட்ட சொல்லல?" சற்று நேரம் பேசாமல் இருந்தார். "நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு நானும்தாம்மா நம்பிக்கிட்டு இருந்தேன்."

அதையே எழுதினோம். "உங்கள் கோபம் நியாயம். போர்டு வரத் தாமதமானது. அதை அன்றே சொல்லாமல் நாளை, நாளை என்றது என் தவறு. விலையையும் வேலை தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இனிப் பாகம் வாங்கும் முன் விலையும் நாளும் எழுதித் தருகிறேன்." பெயர் இல்லை, முகவரி இல்லை, வாதம் இல்லை.

எழுதியதைக் காப்பாற்றவும் வேண்டுமே. அத்தை ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். பெயர், பழுது, சொன்ன விலை, சொன்ன நாள். பாகத்துக்குக் காத்திருக்கும் மெஷின் என்றால் மூன்று நாளுக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒரு வரி போகும். வேலை முடிந்த மூன்றாம் நாள், மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று விசாரிப்பார். கூடவே கருத்து எழுதும் இணைப்பையும் அனுப்புவார். "Ask for reviews" என்ற இடத்தில் அந்த இணைப்பும் கியூஆர் குறியும் கிடைக்கும். முகம் பார்த்து ஆள் பிரிக்காமல் எல்லோருக்கும் அதே செய்தி. "ஐந்து போடுங்கள்" என்று கேட்பதில்லை. "நடந்ததை எழுதுங்கள்" என்றுதான் கேட்பார்.

ஃபேஸ்புக்கில் என்ன போடுவது?

மேப்ஸில் பேசுவது மற்றவர்கள். மாமா எப்படி வேலை செய்கிறார் என்பதை அங்கே முழுதாகக் காட்ட முடியாது. அதற்காக ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினோம். முதல் வாரம் நான் "இனிய காலை வணக்கம்" படங்களாகப் போட்டேன். உறவினர்கள் விருப்பக்குறி போட்டார்கள். வேலை ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒருநாள், தண்ணீர் வெளியேறாத மெஷின் ஒன்று வந்தது. முன்பக்கம் திறக்கும் வகை. பம்பைக் கழற்றினால் உள்ளே ஒரு 20 சென் நாணயம், இரண்டு தலைமுடி ஊசி. அதைப் படம் எடுத்து, "கீழ்ப்பக்க மூடியைத் திறந்து வடிகட்டியைச் சுத்தம் செய்தாலே பாதி நேரம் இது சரியாகிவிடும். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள், கீழே ஒரு தட்டு வையுங்கள். அப்படியும் தண்ணீர் போகவில்லை என்றால் கொண்டு வாருங்கள்" என்று தமிழிலும் மலாயிலும் போட்டேன். "இப்படிச் சொல்லிக் குடுத்தா யார்மா கடைக்கு வருவாங்க?" என்று மாமா சிரித்தார். அந்த வாரம் வாட்ஸ்அப்பில் நான்கு பேர் தங்கள் மெஷின் படத்தை அனுப்பி விசாரித்தார்கள். இரண்டு பேர் கடைக்கே வந்தார்கள்.

இப்போது வாரம் ஒரு பதிவுதான். கழற்றிய பாகம், பழுதின் காரணம், ஆன செலவு, எடுத்த நாள். வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொண்டுதான் படம். வீட்டு முகவரிச் சீட்டு படத்தில் விழாமல் பார்த்துக்கொள்கிறோம். ஒரு மெஷினைச் சரிசெய்வதைவிடப் புதிது வாங்குவதே லாபம் என்றால் அதையும் போடுகிறோம். எண்ணும் நேரமும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை சரிபார்ப்பது என் வேலை.

நான்கு மாதத்தில் 17 புதிய கருத்துகள் வந்தன. 13 பேர் ஐந்து, மூன்று பேர் நான்கு, ஒருவர் மூன்று. இப்போது மொத்தம் 24 பேர், மதிப்பீடு 4.6. புதிய கடையை இன்னும் எட்டவில்லை. தேடுபவர் நிற்கும் இடத்திலிருந்து கடை எவ்வளவு தூரம் என்பதும் மேப்ஸில் கணக்கு என்பதால், எல்லாத் தேடலிலும் மாமா முதலில் வருவதும் இல்லை.

மூன்று வாரக் கோபக்காரர் தன் ஒற்றை நட்சத்திரத்தை இன்றுவரை மாற்றவில்லை. போன மாதம் ஒரு பெண்மணி மெஷினை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "மத்த கடைக்காரங்க எல்லாம் திட்டுறவங்களோட சண்டை போடுறாங்க. நீங்கதான் தப்புன்னு ஒத்துக்கிட்டீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் வந்தேன்."

அத்தை நோட்டைத் திறந்து அவர் பெயரையும், விலையையும், நாளையும் எழுதிக்கொண்டார்.