ரேஷன் அட்டையின் படத்தில் எதைப் படிக்கலாம்?

தமிழ்நாட்டில் 2017 முதல் வழங்கப்படும் மின்னணுக் குடும்ப அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எத்தனை கிலோ அரிசி என்ற விவரம் அதில் கிடைக்காது. பழைய தாள் அட்டையில் வாங்கிய அளவைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். புதிய அட்டையில் இருப்பவை குடும்பத் தலைவரின் பெயர், முகவரி, அட்டை எண், உறுப்பினர் பெயர்கள், கடையின் குறியீடு, கியூஆர் கட்டம் ஆகியவை. அளவை நாம்தான் கணக்கிட வேண்டும்.

அதற்கு முதலில் பார்க்க வேண்டியது அட்டையின் வகையைச் சொல்லும் ஆங்கில எழுத்துகள். PHH என்றால் முன்னுரிமைக் குடும்பம். அதில் AAY சேர்ந்திருந்தால் அந்தியோதயா. NPHH முன்னுரிமை இல்லாதது, ஆனாலும் அரிசி உண்டு. NPHH-S என்பது மக்கள் சொல்லும் 'சர்க்கரை கார்டு'. NPHH-NC அட்டைக்குப் பொருள் எதுவும் கிடையாது. முகவரிச் சான்றுக்கு மட்டும் உதவும்.

அடுத்தது உறுப்பினர் எண்ணிக்கை. PHH அட்டை ஒன்றில் ஐந்து பெயர்கள் இருப்பதாகக் கொள்வோம். தலைக்கு 5 கிலோ வீதம் மாதம் 25 கிலோ அரிசி, விலையில்லாமல். சர்க்கரை தலைக்கு அரை கிலோ. கணக்குப்படி இரண்டரை வந்தாலும் உச்சவரம்பு 2 கிலோதான். கிலோ 25 ரூபாய் வீதம் அது 50 ரூபாய். துவரம் பருப்பும் பாமாயிலும் ஆள்கணக்கில் வருவதில்லை: அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் எண்ணெய் 25 ரூபாய். ஆக மொத்தம் 105 ரூபாய். இதே ஐவர் NPHH அட்டையில் இருந்தால் அரிசி 20 கிலோவோடு நின்றுவிடும். அந்தியோதயாவுக்கோ, வீட்டில் ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் 35 கிலோ. எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு PHH அட்டையே 40 கிலோ தரும் என்பது பலர் கவனிக்காத விஷயம்.

இந்தக் கணக்கு பிசகுவது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலால்தான். அட்டை அச்சான நாளின் குடும்பத்தைத்தான் படம் காட்டும். பிறகு ஒருவர் இறந்து பெயர் நீக்கப்பட்டிருந்தால் கணினிப் பதிவில் நால்வரே இருப்பார்கள். கடையில் 20 கிலோதான் வரும். விற்பனையாளர் குறைத்துவிட்டார் என்று சண்டைக்குப் போகுமுன் tnpds.gov.in தளத்தில் இப்போதைய பட்டியலைப் பார்த்துவிடலாம்.

கடைக் குறியீடு, அந்த அட்டை எந்தக் கடையில் இணைக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டுகிறது. வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றாவிட்டால் பழைய கடையின் குறியீடே நீடிக்கும்.

உண்மையில் வாங்கியது எவ்வளவு என்பதற்கு அட்டையின் படம் சான்றாகாது. பில் போட்டதும் பதிவுசெய்த கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியே அதைச் சொல்லும். வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் அதை அழிக்காமல் வைத்துப் புகார் செய்யுங்கள். அட்டையைப் படமெடுத்து யாருக்காவது அனுப்பும்போது அட்டை எண்ணையும் கியூஆர் கட்டத்தையும் மறைத்துவிடுங்கள்.